இந்த உணர்வு எதைத் தின்று வளர்கிறது?

"மேடம், எனக்கு வயது 27. கூட வேலை செய்யும் ஒருவரை எட்டு மாதமாக நினைக்காத நேரமே இல்லை. சில நாள் அவ்வளவு அன்பாகப் பேசுகிறார், அப்புறம் நாலைந்து நாள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் அனுப்பிய ஒரு வரியை இருபது தடவை படிக்கிறேன். கல்லூரியில் ஒருவரைப் பிடித்திருந்தது, அது ஆறே வாரத்தில் தானாகப் போய்விட்டது. என் அக்காவும் அவள் கணவரும் பத்து வருடமாக நிம்மதியாக இருக்கிறார்கள், ஆனால் அவர்களிடம் இப்படி ஒரு தவிப்பை நான் பார்த்ததே இல்லை. லிமரன்ஸ் என்று ஒரு வார்த்தையைப் படித்தேன். வெறும் ஈர்ப்பு, லிமரன்ஸ், நிலைக்கும் காதல், இந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? என்னுடையது எது? பெயர் வேண்டாம்."

தவிப்பின் அளவை வைத்து இவற்றைப் பிரிக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். நெஞ்சு படபடப்பதும் தூக்கம் கெடுவதும் ஈர்ப்பிலும் உண்டு, லிமரன்ஸிலும் உண்டு, பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் சில நாள் வந்து போகும். அதனால் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் வேறு ஒன்றைக் கேட்பேன். இந்த உணர்வு எதைத் தின்று வளர்கிறது? எது கிடைத்தால் கொழுக்கிறது, எது கிடைத்தால் மெலிகிறது? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தால் பெயர் வைப்பது சுலபம்.

ஈர்ப்பை முதலில் முடித்துவிடலாம், அது மூன்றில் எளியது. இனக்கவர்ச்சி, இன்ஃபாச்சுவேஷன் என்றெல்லாம் சொல்வது இதைத்தான். ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் என்ற உளவியலாளர் 1986-இல் காதலை நெருக்கம், வேட்கை, உறுதிப்பாடு என்று மூன்று கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். அந்தக் கணக்கில் வேட்கை மட்டும் இருந்து மற்ற இரண்டும் இல்லாததுதான் ஈர்ப்பு. ஆளைப் பற்றி அதிகம் தெரியாமலே இது வந்துவிடும், ஒரு முகம், ஒரு குரல், ஒரு நல்ல மாலைப்பொழுது போதும். சில சமயம் அந்த ஆளுக்கும் அதற்கும் பெரிய தொடர்புகூட இருக்காது. கனடாவில் 1974-இல் டட்டன், ஆரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆழமான பள்ளத்தாக்கின் மேலே ஆடிக்கொண்டிருக்கும் தொங்குபாலம் ஒன்று, தரைக்குப் பக்கத்தில் உறுதியான பாலம் ஒன்று. இரண்டிலும் கடந்து வந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டு, ஆய்வைப் பற்றி மேலும் தெரிய வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். தொங்குபாலத்தில் எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு கூப்பிட்டார்கள், உறுதியான பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான். பாலம் ஆடியதில் வந்த படபடப்பை அந்தப் பெண்ணால் வந்ததாக உடம்பு கணக்கில் எழுதிக்கொண்டது என்பது அவர்கள் விளக்கம். சின்ன சோதனைதான், இதை வைத்துப் பெரிய சட்டமெல்லாம் போட முடியாது, ஆனால் ஈர்ப்பு எவ்வளவு கொஞ்சத் தகவலில் பற்றிக்கொள்ளும் என்று இது காட்டுகிறது. தகவல் சேரச் சேர ஈர்ப்பு ஒன்று ஆறிவிடும், அல்லது வேறொன்றாக மாறும். உங்கள் கல்லூரி அனுபவம் ஆறிப்போன வகை. அதில் தவறு எதுவும் இல்லை, ஈர்ப்பு பெரும்பாலும் அப்படித்தான் முடியும்.

இப்போது லிமரன்ஸ். உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான் என்பதால் இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம்.

டாரதி டென்னாவ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சொல்லை விரிவாக விளக்கினார். நூற்றுக்கணக்கானவர்களிடம் அவர்களுடைய காதல் அனுபவங்களைக் கேட்டுப் பதிவு செய்தபோது, பலரும் ஒரே விதமான நிலையை ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில் விவரிப்பதைக் கவனித்தார். வேறு சிலருக்கோ அப்படி ஒன்று இருப்பதே புரியவில்லை. ஏற்கனவே இருக்கும் எந்தச் சொல்லும் பொருந்தாததால் வேர்ச்சொல் எதுவும் இல்லாத ஒரு புதுச் சொல்லை உண்டாக்கினார். அவர் விவரித்த அறிகுறிகளில் சில: கூப்பிடாமலே வந்து உட்காரும் நினைப்பு, அந்த ஒருவரின் ஒரு பார்வையில் ஏறி ஒரு மௌனத்தில் விழும் மனநிலை, அவர் முன்னால் நாக்கு குழறுவது, நிராகரிக்கப்படுவோமோ என்ற பயம், அவருடைய சாதாரணச் செய்கையில்கூட நமக்குச் சாதகமான அர்த்தம் தேடுவது. காதலுக்குக் கண்ணில்லை என்பார்கள், ஆனால் லிமரன்ஸில் இருப்பவருக்குக் கண் நன்றாகவே தெரியும். அவருடைய குறை இவருக்குத் தெரியும், கேட்டால் சொல்லவும் செய்வார், அந்தக் குறைக்கு எடை மட்டும் போட மாட்டார்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு பொருட்கள் இருக்க வேண்டும் என்று டென்னாவ் சொன்னார், நம்பிக்கை ஒன்று, நிச்சயமின்மை இன்னொன்று. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். முழு நம்பிக்கை வந்தால் லிமரன்ஸ் தணியும், நம்பிக்கை முழுக்க அற்றுப்போனாலும் தணியும். இடையில், கிடைக்கும் போலவும் கிடைக்காது போலவும் இருக்கும் அந்தக் குறுகிய இடத்தில்தான் அது செழிக்கும். நான்கு நாள் திரும்பிப் பார்க்காத ஒருவர் ஐந்தாம் நாள் சிரித்தால் அந்தச் சிரிப்பு ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதற்கான பதில் இதில் இருக்கிறது. விலங்குகளை வைத்துச் செய்த பழைய சோதனைகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். நெம்புகோலை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் தீனி வந்துகொண்டிருந்து திடீரென்று நின்றுபோனால் விலங்கு சீக்கிரம் விட்டுவிடும், எப்போது வரும் என்றே தெரியாமல் எப்போதாவது வந்துகொண்டிருந்தால், தீனி நின்ற பிறகும் வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருக்கும். அவர் இதை வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வேலை அதிகமான வாரமாக இருந்திருக்கலாம், உங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் எண்ணம் எதுவானாலும் உங்கள் மனதில் அதன் விளைவு ஒன்றுதான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள். லிமரன்ஸும் ஒருதலைக் காதலும் ஒன்றல்ல. ஒருவரை அமைதியாக, எதையும் எதிர்பார்க்காமல், அவருடைய நன்மையை விரும்பி ஒருதலையாகக் காதலிக்க முடியும். அதேபோல, சேர்ந்து இருக்கும் இரண்டு பேருக்கு நடுவிலும் லிமரன்ஸ் வருடக்கணக்கில் ஓடும், இன்று இருப்பேன் நாளை போய்விடுவேன் என்று ஒருவர் மற்றவரைத் தொங்கலிலேயே வைத்திருந்தால். அந்த மாதிரி உறவில் இருப்பவர்கள் "இவ்வளவு வலிக்கிறது என்றால் இது எவ்வளவு ஆழமான காதல்" என்று என்னிடம் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அந்த வலிக்குக் காரணம் பெரும்பாலும் நிச்சயமின்மை, ஆழத்தை அதை வைத்து அளக்க முடியாது.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முப்பதைக் கடந்தவர். ஒரு பயிற்சி வகுப்பில் சந்தித்த பெண்ணை நினைத்துப் பதினான்கு மாதமாகத் தூக்கம் இல்லை. அவரிடம் ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரிக்கச் சொன்னேன். இடது பக்கம் நடந்தது, வலது பக்கம் அதற்கு அவர் மனம் கொடுத்த அர்த்தம். இடது பக்கத்தில் ஒரு கேமரா பார்த்திருந்தால் எது பதிவாகுமோ அது மட்டும்தான் வரலாம் என்பது நிபந்தனை. மூன்று வாரம் எழுதினார்.

புதன்கிழமை இடது பக்கம்: "என் செய்திக்குச் சிரிக்கும் முகம் ஒன்று அனுப்பினாள்." வலது பக்கம்: "அவ்வளவு வேலைக்கு நடுவிலும் என்னை நினைத்திருக்கிறாள்." வெள்ளிக்கிழமை இடது பக்கம்: "பதில் இல்லை." வலது பக்கம் பதினோரு வரி. திங்கட்கிழமை தான் சொன்ன ஒரு வார்த்தை அவளைப் புண்படுத்தியிருக்கும், அப்படிப் புண்பட்டாள் என்றால் தன் மேல் அவளுக்கு ஏதோ இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஏன் புண்பட வேண்டும் என்று போகிறது. பார்த்தீர்களா, பதில் வந்தாலும் அது தீனி, வராவிட்டாலும் தீனி. மூன்று வாரம் முடிந்ததும் கூட்டிப் பார்த்தோம். இருவரும் நேரில் பேசியது மொத்தம் 35 நிமிடம். அவளைப் பற்றி யோசித்தது அவருடைய கணக்கிலேயே ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், அதாவது 84 மணி நேரம்.

அப்புறம் அவளைப் பற்றிப் பத்துக் கேள்விகள் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்தால் கத்துவாளா, பேசாமல் போய்விடுவாளா? கஷ்டம் வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவாள்? பணத்தை எப்படிக் கையாள்வாள்? உங்களிடம் அவளுக்குப் பிடிக்காதது என்ன? இப்படிச் சாதாரணமான கேள்விகள்தான். இரண்டுக்குத்தான் பதில் தெரிந்தது. அவள் எந்த நாளில் எந்த நிற உடை அணிந்திருந்தாள் என்பது மட்டும் பதினான்கு மாதத்துக்கும் மனப்பாடமாக இருந்தது. அன்று அவர் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவளிடம் நேரடியாகக் கேட்டார். "நீங்கள் நல்ல நண்பர், இப்போதைக்கு அப்படி எதுவும் யோசிக்கவில்லை" என்று அவள் சொன்னாள். மரியாதைக்காகச் சொன்ன வார்த்தை. ஆனால் "இப்போதைக்கு" என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலு மாதம் ஓட்டினார். அவர் மறுபடி ஒரு தடவை, இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுக் கேட்டபோதுதான் "இப்போதும் இல்லை, பிறகும் இல்லை" என்று தெளிவாகச் சொன்னாள். பத்து நாள் மோசமாக இருந்தது, அழுதார், சாப்பாடு இறங்கவில்லை. அவள் கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தாள் என்று பார்ப்பதை நிறுத்தினார், பழைய செய்திகளை அழித்தார், அவளைச் சந்திக்க வாய்ப்புள்ள இடங்களுக்குச் சில மாதம் போகவில்லை. மூன்றாவது மாதம் நினைப்பு ஒரு நாளைக்குச் சில நிமிடங்களாகக் குறைந்திருந்தது. டென்னாவ் சொன்ன மூன்று முடிவுகளில் இது ஒன்று, தீனி இல்லாமல் பட்டினியில் அடங்குவது. மற்ற இரண்டு, அந்த அன்பு உண்மையிலேயே திரும்பக் கிடைப்பது, அல்லது லிமரன்ஸ் வேறொருவர் மேல் இடம் மாறுவது. ஒன்றும் செய்யாமல் விட்டால் சராசரியாக ஒன்றரை வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை ஓடும் என்பது அவருடைய மதிப்பீடு, சிலருக்கு அதைவிட நீளும்.

உங்கள் அக்காவிடம் இருப்பதைத் தோழமைக் காதல் என்று வைத்துக்கொள்வோம். எலன் பெர்ஷெய்ட், எலைன் ஹாட்ஃபீல்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1970-களில் வேட்கைக் காதலிலிருந்து இதைப் பிரித்துக் காட்டினார்கள். யாருடைய வாழ்க்கையோடு நம் வாழ்க்கை ஆழமாகப் பின்னிப்போயிருக்கிறதோ அவர்மேல் வரும் பாசம் என்பது ஏறக்குறைய அவர்கள் சொன்ன விளக்கம். பின்னல் என்ற சொல் எனக்குப் பிடிக்கும், பின்னலை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, அவிழ்க்கப் பார்த்தால்தான் எத்தனை இழை என்று தெரியும். நீங்கள் அவர்களிடம் தவிப்பைப் பார்க்காததற்குக் காரணம், தவிப்புக்கு வேண்டிய நிச்சயமின்மை அங்கே இல்லை. இவர் சாயங்காலம் வருவாரா மாட்டாரா என்று உங்கள் அக்கா யோசிப்பதில்லை, அந்த யோசனைக்குப் போயிருக்க வேண்டிய நாலு மணி நேரம் அவருக்கு மிச்சம்.

இது வளர்வது தெரிந்துகொள்வதால். லிமரன்ஸில் இருப்பவருக்குத் தகவல் என்றாலே பயம், எந்தப் பக்கம் அடிக்குமோ என்று. தோழமைக் காதலில் மோசமான தகவல்கூடப் பயன்படும், இவருக்குக் காலையில் பேசினால் எரிச்சல் வரும் என்று தெரிந்தால் பேச்சைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஜான் காட்மன் என்ற ஆய்வாளர் புதிதாகத் திருமணமானவர்களைக் கூர்ந்து கவனித்தார், ஆறு வருடம் கழித்து அவர்களை மறுபடி தேடிப் பார்த்தார். அவர் எண்ணியது மிகச் சின்ன விஷயத்தை. ஒருவர் "அங்கே பார், அந்தப் பறவையை" என்கிற மாதிரி ஏதோ சொன்னால் மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா? ஆறு வருடம் கழித்தும் சேர்ந்திருந்தவர்கள் அப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்குத் திரும்பியிருந்தார்கள், பிரிந்துபோனவர்கள் 33 சதவீதத்துக்குத்தான். அதனால் அடுத்த தடவை அக்கா வீட்டுக்குப் போகும்போது தவிப்பைத் தேடாதீர்கள், யார் சொல்வதற்கு யார் திரும்புகிறார்கள் என்று பாருங்கள்.

வேட்கை அங்கே முழுக்கச் செத்துப்போயிருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். சராசரியாக 21 வருடம் மணவாழ்க்கை நடத்தியும் துணைமேல் இன்னும் தீவிரக் காதல் இருக்கிறது என்று சொன்ன 17 பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. துணையின் படத்தைப் பார்க்கும்போது, புதிதாகக் காதலில் விழுந்தவர்களுக்கு இயங்கும் அதே வெகுமதிப் பகுதி இவர்களுக்கும் இயங்கியது. அப்படிச் சொல்பவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலர்தான், எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது, ஆனால் அது நடக்கக்கூடியது.

சரி, உங்களுடையது எது? எட்டு மாதம், ஒரு வரியை இருபது தடவை படிப்பது, அவர் மனநிலையோடு உங்கள் மனநிலை ஏறி இறங்குவது, இதெல்லாம் லிமரன்ஸின் பக்கம்தான் கை காட்டுகிறது. இது நோய் இல்லை, மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் நோய்ப் பட்டியலில் இப்படி ஒரு பெயரே கிடையாது. லிமரன்ஸ் என்பதால் அவரோடு காதல் அமையவே அமையாது என்றும் அர்த்தம் இல்லை. நல்ல உறவுகள் சில இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. ஆனால் அவர் சரியென்று சொன்ன பிறகு வரும் மாதங்கள்தான் கஷ்டம், ஏனென்றால் நிச்சயம் வந்ததும் தவிப்பு இறங்கும், அந்த இறக்கத்தைக் காதலே போய்விட்டது என்று நினைத்துப் பிரிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தவிப்பு இறங்கிய இடத்தில் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளும் ஆசை மிச்சம் இருக்கிறதா என்று அப்போது பார்க்க வேண்டும். இருந்தால் தோழமைக் காதல் அங்கிருந்து ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் நீங்கள் விரும்பியது அவருடைய பதிலை, அவரை இல்லை.

அவருக்கு வேறு உறவு எதுவும் இல்லை, உங்களில் ஒருவருடைய வேலை மற்றவர் கையில் இல்லை என்றால், ஒரே ஒரு தடவை நேராகக் கேளுங்கள். ஜாடையாகக் கேட்காதீர்கள், ஜாடைக்கு ஜாடையில்தான் பதில் வரும், அது இன்னும் எட்டு மாதத்துக்குத் தீனி. "எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, வேலைக்கு வெளியே பழகிப் பார்க்க விருப்பமா, இல்லையென்றால் தயவுசெய்து தெளிவாகச் சொல்லிவிடுங்கள், நான் புரிந்துகொள்வேன்" என்கிற அளவு போதும். "பார்க்கலாம்", "இப்போதைக்கு இல்லை" என்று வந்தால் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், இதில் நான் கறாராகச் சொல்கிறேன். இல்லை என்ற பிறகு மறுபடி கேட்பதும், அவர் எங்கே போகிறார் என்று பின்தொடர்வதும் கூடாது. நான் சொன்ன மனிதர் இரண்டாம் தடவை கேட்டதும் அந்தப் பெண்ணுக்குச் சங்கடம்தான், முதல் பதிலிலேயே அவர் நின்றிருக்க வேண்டும். நீங்கள் விரும்பும் அந்த ஒருவருக்குத் துணை இருக்கிறார் என்றால், அல்லது அவர் உங்கள் மேலதிகாரி என்றால், கேட்காமலே தூரத்தைக் கூட்டுங்கள். வேலையில் முகம் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் வேலைப் பேச்சோடு நிறுத்துங்கள், கைபேசியில் அவரைத் தேடுவதை விடுங்கள். தூக்கமும் வேலையும் வாரக்கணக்கில் கெட்டுப்போனாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலோ காத்திருக்காமல் ஒரு மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ உடனே நேரில் பாருங்கள்.

கேட்பதற்கு முன்னால் மூன்று வாரம் அந்த நோட்டை எழுதுங்கள். இடது பக்கம் கேமராவுக்குத் தெரிந்தது மட்டும். முடிந்ததும் எனக்கு எழுதுங்கள், வலது பக்கத்தில் இருப்பதை அனுப்ப வேண்டாம், இடது பக்கத்தில் மொத்தம் எத்தனை வரி இருந்தது என்று சொன்னால் போதும்.